ஒரு பாடத்தின் மதிப்பெண்கள் சரியில்லை என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதுவது எப்படி: வெளித்தேர்வாளருக்கான முழுமையான வழிகாட்டி

வெளித்தேர்வாளரின் கையில் இருக்கும் அதிகாரம் மிகக் குறைவு. ஒரு மாணவரின் மதிப்பெண்ணைக்கூட அவரால் தன் விருப்பப்படி மாற்ற முடியாது. ஆசிரியரை விசாரிக்க முடியாது. தேர்வு முடிவுகளைத் தானே நிறுத்திவைக்கவும் முடியாது. பார்க்கலாம், கேட்கலாம், எழுதலாம். அதனால்தான் அவர் எழுதும் கடிதம் குறி தவறக்கூடாது. மேலோட்டமாக எழுதினால் “கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது” என்ற ஒரு வரியோடு கோப்பு மூடப்படும். கோபத்தில் எழுதினால் பேச்சு மதிப்பெண்ணை விட்டு மனிதர்கள் பக்கம் திரும்பிவிடும். இரண்டிலும் இழப்பு மாணவர்களுக்கே.

உள்ளே இருக்கும் ஆசிரியர்கள் திருத்திய விடைத்தாள்களில் ஒரு பகுதியை, வேறொரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் பார்த்து, தரம் சரியாக இருக்கிறதா என்று சொல்லும் முறையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். 1832-இல் தொடங்கப்பட்ட டர்ஹாம் பல்கலைக்கழகம் தன் தொடக்க காலத் தேர்வுகளுக்கு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தேர்வாளர்களை வரவழைத்தது. அந்த வழக்கம் பிரிட்டன் முழுவதும் பரவி, பிறகு அதன் கல்வி முறையைப் பின்பற்றிய நாடுகளுக்கும் சென்றது. விடைத்தாளை நேரடியாகத் திருத்தவே அழைக்கப்படும் வெளித்தேர்வாளர்களும் பல இடங்களில் உண்டு. அவர்களுடைய வேலை வேறு.

விளக்கத்துக்கு ஒரு பாடத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். இளங்கலை இறுதியாண்டில் சுற்றுச்சூழல் பொருளியல். 80 மாணவர்கள். எழுத்துத் தேர்வு மட்டும்தான்: ஆறு கட்டுரை வினாக்களில் நான்குக்கு விடை எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். தேர்ச்சிக்கு 40, முதல் வகுப்புக்கு 70.

முதல் படி: சராசரியைப் பாருங்கள், ஆனால் அதை நம்பி எழுதாதீர்கள்

தேர்வுக் குழுக் கூட்டத்துக்கு முன்பு வரும் மதிப்பெண் பட்டியலில் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது சராசரி. நம் பாடத்தில் சராசரி 68, திட்ட விலக்கம் 6. அதே 80 மாணவர்கள் எழுதிய மற்ற நான்கு பாடங்களில் சராசரி 58, திட்ட விலக்கம் 11. இந்தப் பாடத்தில் 31 பேர் 70-ஐத் தாண்டியிருக்கிறார்கள். மற்ற பாடங்களில் அந்த எண்ணிக்கை 11 முதல் 14 வரை. இங்கே மிகக் குறைந்த மதிப்பெண்ணே 53.

இதைப் பார்த்தவுடன் “தாராளமாகத் திருத்தியிருக்கிறார்கள்” என்று எழுதத் தோன்றும். எழுதினால் துறையின் பதில் தயாராக இருக்கும்: இந்த ஆண்டு மாணவர்கள் நன்றாகப் படித்தார்கள், பாடம் நன்றாக நடத்தப்பட்டது, வினாத்தாள் எளிதாக அமைந்துவிட்டது. ஒவ்வொன்றும் உண்மையாக இருக்க வாய்ப்புள்ள காரணம். எனவே கடிதம் எழுதுவதற்கு முன்பு நீங்களே துறையின் வக்கீலாக இருந்து ஒவ்வொன்றையும் சோதித்துவிட வேண்டும்.

மாணவர்கள் திறமையானவர்கள் என்ற விளக்கம் இங்கே நிற்காது, ஏனென்றால் ஒப்பிட்டது அதே மாணவர்களைத்தான். ஆனால் இது விருப்பப் பாடமாக இருந்து 12 பேர் மட்டும் எடுத்திருந்தால் கதை வேறு: தனக்குப் பிடித்ததை, தனக்கு வருவதைத் தேடி வந்தவர்களின் சராசரி கூடுதலாக இருப்பது இயல்பு. அத்தனை சிறிய வகுப்பில் இரண்டு பேரின் நல்ல நாளே சராசரியை நகர்த்திவிடும். வீட்டிலிருந்து எழுதித்தரும் கட்டுரைகளோடு தேர்வு விடைகளை ஒப்பிடுவதும் தவறு. கட்டுரைகளில் பொதுவாகவே சராசரி கூடுதலாகவும் பரவல் குறைவாகவும் இருக்கும். வினாத்தாள் எளிதா என்பதை வினாத்தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம். அது அச்சுக்குப் போகும் முன் உங்கள் ஒப்புதலுக்கு வந்திருக்கும். நன்றாக நடத்தப்பட்ட பாடம் என்றால் அது விடைத்தாளில் தெரிய வேண்டும். அங்கேதான் போகப்போகிறோம்.

அதற்கு முன் ஒரு சிறு சோதனை. இதைப் பலர் செய்வதில்லை. ஆனால் கடிதத்தில் நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள் என்பதையே இதுதான் தீர்மானிக்கும். மற்ற நான்கு பாடங்களின் சராசரிப்படி முதல் 20 மாணவர்களின் பட்டியலை எடுங்கள். இந்தப் பாடத்தில் முதல் 20 இடங்களில் வந்தவர்களின் பட்டியலை எடுங்கள். இரண்டிலும் இருப்பவர்கள் எத்தனை பேர்?

14, 15 பேர் என்றால் வரிசை ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து அளவு உயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதைக் கணக்கு வழியில் சரிசெய்ய இடம் உண்டு. நம் பாடத்தில் வந்த எண் 7. சீட்டுக் குலுக்கி இருபது பேரைத் தேர்ந்தெடுத்திருந்தாலே சராசரியாக 5 பேர் பொருந்துவார்கள். அப்படியென்றால் இது தாராளம் மட்டுமல்ல. நல்ல விடையையும் சுமாரான விடையையும் இந்த மதிப்பெண்கள் பிரித்துக் காட்டவே இல்லை. கலைந்துபோன வரிசையை எந்தக் கணக்காலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. விடைகளை மறுபடி படித்தே ஆக வேண்டும்.

இரண்டாம் படி: மதிப்பெண்ணைப் பார்க்காமல் விடைத்தாளைப் படியுங்கள்

துறை வழக்கமாக 15 விடைத்தாள்களை அனுப்பும்: உச்சத்தில் சில, நடுவில் சில, கீழே சில. சந்தேகம் எழுந்த பிறகு அது போதாது. மேலும் கேட்கும் உரிமை வெளித்தேர்வாளருக்கு உண்டு. எந்த விடைத்தாள் வேண்டும் என்பதை நீங்களே தேர்வு எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். நம் எடுத்துக்காட்டில் இன்னும் 9 கேட்கிறோம். மற்ற பாடங்களைவிட இங்கே மிக அதிகமாக வாங்கிய 6 பேர். மற்ற பாடங்களில் முன்னணியில் இருந்து இங்கே நடுவில் வந்த 3 பேர். இந்த மூவரின் விடைத்தாள்களைக் கேட்க மறக்காதீர்கள். அதிக மதிப்பெண் கிடைத்தவர்களை மட்டும் தேடிப்போகும் தேர்வாளர் பாதி உண்மையைத்தான் கண்டுபிடிப்பார்.

எல்லா 24 விடைத்தாள்களையும் மதிப்பெண்களும் குறிப்புகளும் மறைக்கப்பட்ட நகல்களாக, வரிசை கலைத்து அனுப்பும்படி தேர்வு அலுவலகத்திடம் சொல்லுங்கள். மேலே 72 என்று எழுதியிருக்கும் விடையை 72-க்கு உரியதாகவே கண் படிக்கும். அனுபவம் கூடினால் அது போய்விடும் என்று நினைக்க வேண்டாம். பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டு அளவுகோலை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விடைத்தாளும் எந்த வகுப்புக்கு உரியது என்று மட்டும் குறியுங்கள். துல்லியமான எண் தேவையில்லை. நீங்கள் மூன்றாவது திருத்துநர் அல்ல; உங்கள் மதிப்பீடு எந்த மாணவரின் பதிவிலும் ஏறப்போவதில்லை.

பிறகு மூல மதிப்பெண்களைத் திறந்து ஒப்பிடுகிறோம். 8 விடைத்தாள்களில் இரண்டும் ஒன்றுகின்றன. 11-இல் நம் மதிப்பீடு ஒரு வகுப்பு கீழே. 2-இல் இரண்டு வகுப்பு கீழே. 3-இல் நம் மதிப்பீடு ஒரு வகுப்பு மேலே.

அந்தக் கடைசி மூன்றுதான் இந்த வழக்கின் திறவுகோல். தாராளம் மட்டுமே நோய் என்றால் எவருக்கும் குறைத்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

மூன்றாம் படி: தவறு எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடுங்கள்

மூன்றாம் வினாவை எடுத்துக்கொள்வோம். “மாசைக் குறைக்க ஆகும் செலவு அரசுக்கு உறுதியாகத் தெரியாத நிலையில், மாசு வரி, விற்கத்தக்க மாசு உரிமம் ஆகியவற்றில் எது சிறந்தது? ஒப்பிட்டு ஆராய்க.” வினா நன்றாகவே இருக்கிறது. இதற்கான விடையின் உயிர் ஒப்பீட்டில் இருக்கிறது: கூடுதலாகும் ஒவ்வோர் அலகு மாசுக்கும் சேதம் செங்குத்தாக ஏறுமானால் அளவைக் கட்டுப்படுத்தும் உரிமம் பாதுகாப்பானது; சேதம் மெதுவாக ஏறி, குறைக்கும் செலவு வேகமாக ஏறுமானால் வரி நல்லது. இரண்டு கோடுகளின் சரிவையும் ஒப்பிடாத விடை வினாவைத் தொடவே இல்லை.

முதல் விடைத்தாள் வரி என்றால் என்ன, உரிமம் என்றால் என்ன என்று இரண்டு பக்கத்துக்குத் தெளிவாக விளக்குகிறது. செலவு தெரியாத நிலை என்ற சொற்றொடர் கடைசிப் பத்தியில் ஒருமுறை மட்டும் வருகிறது. மதிப்பெண் 19. இரண்டாவது விடைத்தாள் விளக்கங்களை ஆறேழு வரியில் முடித்துவிட்டு, வரைபடத்தோடு சரிவுகளை ஒப்பிட்டு, முடிவு எப்போது மாறும் என்றும் சொல்கிறது. மதிப்பெண் 17.

ஏன்? விடைக்குறிப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் புரிகிறது. “வரி: 10. உரிமம்: 10. ஒப்பீடு: 5.” முதல் மாணவருக்கு 9, 9, 1. இரண்டாம் மாணவருக்கு 6, 6, 5. திருத்தியவர் கை தாராளமும் அல்ல, கஞ்சத்தனமும் அல்ல. தன்னிடம் இருந்த விடைக்குறிப்பை அவர் நேர்மையாகப் பின்பற்றியிருக்கிறார். வினா ஒன்றைக் கேட்க, விடைக்குறிப்பு வேறொன்றுக்கு மதிப்பெண் கொடுத்திருக்கிறது. ஐந்தாம் வினாவிலும் இதே கதை. மற்ற நான்கு வினாக்களின் விடைக்குறிப்பில் குறை தெரியவில்லை. அவற்றில் நம் மதிப்பீடும் அவர்களுடையதும் நெருங்கியே இருக்கின்றன.

இந்த ஒரு கண்டுபிடிப்பு கடிதத்தின் தொனியையே மாற்றிவிடுகிறது. ஆசிரியரின் நேர்மை பற்றிய ஐயமாக இருந்தது, திருத்தக்கூடிய ஒரு தாள் பற்றிய பேச்சாகிவிடுகிறது. எல்லா வழக்கும் இப்படி முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல விடைத்தாள்களில் ஒரே வாக்கியங்கள், ஒரே எடுத்துக்காட்டுகள், ஒரே வரிசையில் வந்தால், வினாக்கள் திருப்புதல் வகுப்பில் ஏறத்தாழ அப்படியே சொல்லப்பட்டிருக்கலாம். அப்போது விடைகள் உண்மையிலேயே நல்ல மதிப்பெண்ணுக்கு உரியவையாக இருக்கும். குறை திருத்துவதில் இல்லை, தேர்வில் இருக்கிறது. அதற்கு எழுதும் கடிதமும் வேறு.

முதலில் திருத்தியவருக்குப் பிறகு துறையின் இன்னோர் ஆசிரியர் செய்த இரண்டாம் மதிப்பீட்டையும் பாருங்கள். துறை அனுப்பிய 15 விடைத்தாள்களில் 14-இல் இரண்டாமவர் அதே மதிப்பெண்ணைப் போட்டிருக்கிறார். ஒன்றில் ஒரு மதிப்பெண் வேறுபாடு. கட்டுரை விடைகளைத் தனித்தனியே படிக்கும் இருவருக்கிடையே சில மதிப்பெண் வேறுபாடு வருவதே இயல்பு. எனவே இரண்டாமவர் முதலாமவரின் மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டே படித்திருக்க வேண்டும். இதை விதிமீறல் என்று உடனே எழுதிவிடாதீர்கள். அப்படிப் பார்த்துச் சரிபார்ப்பதைப் பல பல்கலைக்கழகங்களின் விதிகளே அனுமதிக்கின்றன. அனுமதித்தாலும் ஒன்று உறுதி: அந்த ஒற்றுமையை மதிப்பெண் சரி என்பதற்கான சான்றாகக் காட்ட முடியாது.

நான்காம் படி: கடிதம் போகும் முன் பேசுங்கள்

துறைத் தலைவரும் பாடப் பொறுப்பாளரும் இந்தச் செய்தியைக் கடிதத்தில்தான் முதன்முதலாகப் படிக்கிறார்கள் என்றால், அவர்கள் ஆற்றல் முழுவதும் தற்காப்பில் செலவாகும். தொலைபேசியில் அழைத்து, இந்த இரண்டு விடைத்தாள்களையும் நீங்கள் ஒருமுறை அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள் என்று சொல்லுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் படித்தவுடன் புரிந்துகொள்வார்கள். உங்களுக்குத் தெரியாத ஒரு விளக்கமும் அவர்களிடம் இருக்கக்கூடும். பேசினோம் என்பதற்காக எழுதாமல் விட்டுவிடாதீர்கள். பேச்சு பதிவில் நிற்காது.

காலமும் முக்கியம். தேர்வுக் குழு கூடி, முடிவுகள் வெளியாகி, பட்டம் வழங்கப்பட்ட பிறகு வரும் கடிதத்தால் அந்த ஆண்டு மாணவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. கூட்டத்துக்கு முன்பே கடிதம் சேர வேண்டும். கூட்டத்தில் அதைப் படித்து, நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யக் கேட்க வேண்டும். இறுதிப் பட்டியலில் உங்கள் கையெழுத்தைக் கேட்பார்கள். மற்ற பாடங்களுக்குக் கையெழுத்திட்டு, இந்த ஒன்றுக்கு மட்டும் நிறுத்திவைக்க இடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கடிதம்

யாருக்கு எழுதுவது? இத்தகைய குறை தேர்வுக் குழுத் தலைவருக்கும், தரப் பொறுப்பில் உள்ள பதிவாளர் அலுவலகத்துக்கும் போக வேண்டியது. துணைவேந்தருக்கு நேரடியாக எழுதும் இரகசியக் கடிதம் என்று ஒரு வழி பிரிட்டன் முறையில் உண்டு. மதிப்பெண்களை உயர்த்தச் சொல்லி அழுத்தம், சான்றுகளை மறைத்தல், முன்பு சொன்னதை வேண்டுமென்றே புறக்கணித்தல் போன்றவற்றுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். வெளித்தேர்வாளரின் ஆண்டறிக்கையை மாணவர்களும் பார்க்கக் கிடைக்கச் செய்யும் வழக்கமும் அங்கே இருக்கிறது. அதனால் இந்தக் கடிதமும் ஒருநாள் மாணவர் கண்ணில் படும் என்று எண்ணியே எழுதுவது நல்லது: ஆசிரியர் பெயர் வேண்டாம், மாணவர் பெயர் வேண்டாம், தேர்வு எண்கள் தனி இணைப்பில் இருக்கட்டும்.

இப்படி எழுதலாம்:

> தேர்வுக் குழுத் தலைவர் அவர்களுக்கு,
>
> வணக்கம். சுற்றுச்சூழல் பொருளியல் பாடத்தின் மூன்றாம், ஐந்தாம் வினாக்களுக்கு வழங்கப்பட்ட மதிப்பெண்கள், பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டு அளவுகோலுக்குப் பொருந்தவில்லை என்று கருதுகிறேன். முடிவுகள் வெளியாகும் முன் இவ்விரு வினாக்களின் விடைகளை மட்டும் மறுமதிப்பீடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். பாடத்தின் மற்ற நான்கு வினாக்கள் குறித்து எனக்குக் குறை இல்லை.
>
> நான் பார்த்தவை: துறை அனுப்பிய 15 விடைத்தாள்களும், நான் தேர்ந்து கேட்ட 9 விடைத்தாள்களும். இவற்றை மதிப்பெண் மறைத்துப் படித்தேன். 8-இல் என் மதிப்பீடு துறையின் வகுப்போடு ஒன்றியது. 13-இல் கீழே இருந்தது. 3-இல் மேலே இருந்தது. ஒன்பது விடைத்தாள்களை வேறுபாடு தெரிந்தே தேர்ந்தேன் என்பதால், இந்த விகிதத்தை வகுப்பு முழுமைக்கும் நீட்டிச் சொல்ல இயலாது.
>
> இரண்டு வினாக்களும் ஒப்பிட்டு ஆராயக் கேட்கின்றன. விடைக்குறிப்பில் 25-இல் 20 மதிப்பெண் விளக்கத்துக்கும் 5 மட்டும் ஒப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. இதனால் ஒப்பீடு ஏறத்தாழ இல்லாத விடை 19-ம், முழுமையான ஒப்பீடு கொண்ட விடை 17-ம் பெற்றுள்ளன. இவ்விரு விடைத்தாள்களின் எண்களும், இதே போன்ற மேலும் நான்கு இணைகளின் எண்களும் இணைப்பில் உள்ளன. மற்ற பாடங்களில் முதல் 20 இடங்களில் உள்ள மாணவர்களில் 7 பேர் மட்டுமே இங்கும் முதல் 20-இல் இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.
>
> திருத்தியவர்கள் தங்களிடம் இருந்த விடைக்குறிப்பைச் சீராகவே பின்பற்றியுள்ளனர். வினாத்தாள் என் ஒப்புதலுக்கு வந்தபோது விடைக்குறிப்பு உடன் வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.
>
> நான் கேட்பவை: இரு வினாக்களுக்கும் அளவுகோலுக்குப் பொருந்தும் விடைக்குறிப்பைப் பாட ஆசிரியர்கள் தயாரித்து எனக்குக் காட்ட வேண்டும், இவ்வினாக்களுக்கு வந்த எல்லா விடைகளையும் இருவர் தனித்தனியே, ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர் பாராமல், மறுமதிப்பீடு செய்ய வேண்டும், வரும் ஆண்டு முதல் வினாத்தாளோடு விடைக்குறிப்பும் எனக்கு அனுப்பப்பட வேண்டும். எல்லோருடைய மதிப்பெண்ணையும் ஒரே அளவு குறைப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. குறைவாகப் பெற்ற மாணவர்களுக்கு அது மேலும் அநீதியாகும்.
>
> கூட்டத்துக்கு மூன்று வேலைநாள்களுக்கு முன் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். பேசித் தெளிவுபடுத்த வேண்டியிருந்தால் எந்நேரமும் அழைக்கலாம்.

கடிதத்தின் முதல் பத்தியிலேயே குறையும் கோரிக்கையும் எல்லையும் வந்துவிடுகின்றன. நேரமில்லாத ஒரு தலைவர் அதை மட்டும் படித்தாலும் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். குறை இல்லாத நான்கு வினாக்களைச் சொன்னது மரியாதைக்காக அல்ல. பார்த்தது என்ன, பார்த்துச் சரி என்று கண்டது என்ன என்பது தெரிந்தால்தான் குறை சொன்ன இடத்துக்கு எடை வரும்.

மாதிரியின் வரம்பைச் சொல்லும் வாக்கியத்தைச் சிலர் பலவீனம் என்று நினைத்து அடித்துவிடுவார்கள். விட்டுவையுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் துறை சொல்லும். அப்போது கடிதத்தின் மற்ற வரிகளும் சேர்ந்து ஐயத்துக்குள்ளாகும்.

“தரம் கவலையளிக்கிறது”, “கண்டிப்பு போதவில்லை”, “மிகைப்படுத்தப்பட்ட மதிப்பெண்கள்” என்பன போன்ற தொடர்கள் இதில் ஓரிடத்திலும் இல்லை. அவற்றை மறுப்பது எளிது. 19 வாங்கிய விடையையும் 17 வாங்கிய விடையையும் அருகருகே வைத்தால் மறுக்க ஒன்றுமில்லை. காரணத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் “இருக்கலாம்” என்றும், பார்த்ததைச் சொல்லும் இடத்தில் உறுதியாகவும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள்.

ஆறாம் படி: கோரிக்கை நடக்கக்கூடியதா என்று கணக்கிடுங்கள்

“எல்லா விடைத்தாள்களையும் மறுபடி திருத்துங்கள்” என்று கேட்டால் நேரமில்லை என்ற பதில் வரும். அது பொய்யும் அல்ல. நம் கோரிக்கை இரண்டு வினாக்களுக்கு மட்டும். 80 பேரும் இரண்டையும் எழுதியிருந்தாலும் 160 விடைகள். ஒன்றுக்கு 8 நிமிடம் என்றால் ஒருவருக்கு ஏறத்தாழ 21 மணி நேரம். மூன்று நாள் வேலை. இந்தக் கணக்கைத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மறுப்பதற்குப் பதில் ஆள் தேடத் தொடங்குவார்கள்.

தேர்வு எழுதி முடித்த பிறகு விடைக்குறிப்பை மாற்றுவது மாணவர்களுக்கு நியாயமா என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. வினாவில் “ஒப்பிட்டு ஆராய்க” என்றுதான் அச்சாகியிருக்கிறது. 70-க்கு மேல் பெற ஆராய்ச்சித்திறன் வேண்டும் என்று மாணவர் கையேட்டில் இருக்கும் அளவுகோலும் சொல்கிறது. மாணவர்களுக்கு அறிவிக்கப்பட்டதைத்தான் மறுமதிப்பீடு பின்பற்றுகிறது. அறிவிக்கப்படாத ஒன்றைப் புதிதாகக் கேட்பதாக இருந்தால் நீங்கள் பின்வாங்கத்தான் வேண்டும்.

மறுமதிப்பீடு முதலில் திருத்தியவருக்குத் தெரிந்தே நடக்க வேண்டும். இங்கிலாந்தின் போர்ன்மத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பக்லண்ட் திருத்திய மறுதேர்வு விடைத்தாள்கள் அவரைக் கலக்காமல் வேறொருவரால் மறுபடி திருத்தப்பட்டன. அவர் பதவி விலகி வழக்குத் தொடுத்தார். பல்கலைக்கழகம் பணி ஒப்பந்தத்தின் அடிப்படை நம்பிக்கையை முறித்துவிட்டது என்ற அவர் வாதம் 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது. பின்னர் நடந்த உள்விசாரணை அவர் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொல்லியும் அந்த முறிவு சரியாகிவிடவில்லை என்று நீதிமன்றம் கருதியது. எனவேதான் கடிதத்தில் புதிய விடைக்குறிப்பைப் பாட ஆசிரியர்களே தயாரிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம்.

ஏழாம் படி: பதிலைப் படியுங்கள்

ஒப்புக்கொண்டு செய்தால் மறுமதிப்பீட்டுக்குப் பின் புதிய பட்டியலையும், வகுப்பு மாறிய விடைத்தாள்கள் சிலவற்றையும் கேட்டுப் பாருங்கள். சராசரி குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், முதல் 20 பேர் சோதனையை மறுபடி செய்யுங்கள். பொருத்தம் 7-இலிருந்து 12, 13-க்கு ஏறியிருந்தால் வரிசை திரும்பிவிட்டது. மதிப்பெண் உயர்ந்தவர்களும் அதில் இருக்க வேண்டும்.

கவனமாக இருக்க வேண்டிய பதில் ஒன்று உண்டு: “தங்கள் கருத்தை ஏற்று எல்லோருக்கும் 8 மதிப்பெண் குறைத்துவிட்டோம்.” பார்ப்பதற்கு நல்ல பதிலாகத் தெரியும். சராசரி 60 ஆகிவிடும், மற்ற பாடங்களோடு பொருந்திவிடும். ஆனால் சரிவுகளை ஒப்பிட்டு எழுதி 68 வாங்கிய மாணவர், முதல் வகுப்புக்கு உரியவர், இப்போது 60-இல் நிற்கிறார். வெறும் விளக்கம் எழுதி 74 வாங்கியவர் 66-இல், அவருக்கு மேலேயே இருக்கிறார். பரவலையும் சேர்த்து விரித்தால் நிலைமை இன்னும் கெடும்: திட்ட விலக்கத்தை 6-இலிருந்து 11-க்குக் கொண்டுபோகும்போது முன்பு இருந்த ஒரு மதிப்பெண் வேறுபாடு ஏறத்தாழ இரண்டாகிறது, தவறாக வந்த வேறுபாடும் சேர்ந்தே இரட்டிக்கிறது. இந்தப் பதில் வந்தால் கையெழுத்திடாமல், ஒரே அளவு குறைப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று கடிதத்தில் எழுதிய வரியைச் சுட்டி அன்றே மறுபடி எழுதுங்கள்.

“வெளித்தேர்வாளரின் பல்கலைக்கழகத்தில் மரபு வேறு” என்ற பதிலும் வரும். அதற்கு விடை அளவுகோல்தான்: நீங்கள் பயன்படுத்தியது அவர்களுடைய அளவுகோலை, உங்களுடையதை அல்ல. இதனால்தான் தொடக்கத்திலேயே அதை அருகில் வைத்துக்கொண்டு படிக்கச் சொன்னேன்.

பதிலே வராவிட்டால், அல்லது காரணம் சொல்லாமல் மறுத்தால், கூட்டத்தில் உங்கள் மறுப்பைப் பதிவு செய்யச் சொல்லி, கடிதத்தின் நகலை ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் இணைத்துவிடுங்கள். அதற்கும் அசைவில்லையென்றால் துணைவேந்தருக்கான இரகசியக் கடிதம். அந்தக் கடிதத்தில் விடைக்குறிப்பைப் பற்றி மறுபடி வாதிட வேண்டாம். எந்தத் தேதியில் என்ன கேட்டீர்கள், எந்தத் தேதி வரை பதில் இல்லை என்று மட்டும் எழுதுங்கள். உள்வழிகள் எல்லாம் அடைபட்ட பிறகே நாட்டின் உயர்கல்வித் தர அமைப்பை அணுக வேண்டும். எந்தக் கட்டத்திலும் மாணவர்களிடமோ செய்தியாளர்களிடமோ விடைத்தாள்களைக் காட்டக்கூடாது.

வெளித்தேர்வாளரின் பதவிக்காலம் பிரிட்டனில் பொதுவாக நான்கு ஆண்டுகள். முதலாம் ஆண்டில் எழுதிய குறை இரண்டாம் ஆண்டில் என்னவாயிற்று என்று பார்க்கக் கூடியவர் நீங்கள் ஒருவர்தான். துறைத் தலைவர்கூட அதற்குள் மாறியிருப்பார். விடைத்தாள் நகல்களை விதிப்படி திருப்பி அனுப்பியோ அழித்தோ விடுங்கள். கடிதம், பதில், இரண்டு விடைக்குறிப்புகள், முதல் 20 பேரின் தேர்வு எண்கள் மட்டும் இருக்கும் ஒப்பீட்டுத் தாள் ஆகியவற்றைப் பல்கலைக்கழக விதி அனுமதிக்கும்வரை பாதுகாப்பாக வைத்திருங்கள். அடுத்த ஆண்டு வினாத்தாள் ஒப்புதலுக்கு வரும்போது உறைக்குள் விடைக்குறிப்பும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இல்லையென்றால் வினாத்தாளை ஒப்புதல் தராமல் அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.